பத்து முறை எழுத வைக்கும் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள்

தாளாளர் ஐயா அவர்களுக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கும்,

ஜூன் மாதம் பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். இனி ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு வினாவின் விடையையும் பிள்ளைகள் வீட்டில் பத்து முறை எழுதி வர வேண்டும், அதற்குத் தனி நோட்டு போட வேண்டும், எழுதாதவர்கள் இருபது முறை எழுத வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதே சுற்றறிக்கையின் கடைசிப் பத்தி, பாடவேளையில் விவாதத்துக்கும் கேள்விகளுக்கும் செலவாகும் நேரத்தைக் குறைத்து "எழுத்துப் பயிற்சி"க்கு ஒதுக்கியிருப்பதாகச் சொல்கிறது. ஜூலையில் இரண்டு முறை நேரில் வந்து பேசினேன். "ரிசல்ட் வரட்டும் சார், அப்புறம் பார்க்கலாம்" என்பதில்தான் பேச்சு முடிந்தது. ரிசல்ட் வரும்போது இந்தப் பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டு போயிருக்கும். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் மகள் உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நான் பதினான்கு ஆண்டுகளாக பி.எட். மாணவர்களுக்குக் கல்வி உளவியல் நடத்துகிறேன். நினைவாற்றல் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுத்தவன், அதற்கு நேர் எதிரானது என் வீட்டுக் கூடத்திலேயே நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்குப் பார்த்ததைச் சொல்கிறேன். மகள் தரையில் உட்கார்ந்து அறிவியல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். வினா, எத்திலின் என்ற தாவர ஹார்மோனின் வாழ்வியல் விளைவுகள் யாவை. அவள் விடையை வரி வரியாக எழுதவில்லை. பக்கத்தின் இடது ஓரத்தில் "எத்திலின்" என்று மேலிருந்து கீழாகப் பத்து முறை எழுதி முடித்தாள். பிறகு மேலே போய் ஒவ்வொன்றின் பக்கத்திலும் "கனிகள்" என்று பத்து முறை. அப்புறம் "பழுப்பதை". அப்புறம் "ஊக்குவிக்கிறது". இப்படிச் செய்தால் கை வேகமாகப் போகிறது, அடுத்த சொல் என்ன என்று யோசிக்க வேண்டியதில்லை, வகுப்பில் எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்றாள். அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை. எட்டு வினாவுக்குப் பத்து முறை என்றால் எண்பது விடை. தூங்கப் போக வேண்டுமே.

அந்தப் பக்கத்தில் ஒரு வாக்கியம்கூட வாக்கியமாக அவள் மனதுக்குள் போகவில்லை. கை எழுதியது, கண் வரியின் நேர்கோட்டைப் பார்த்தது, அவ்வளவுதான். மறுநாள் நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் "நன்று" என்று எழுதி வந்தது.

இதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். திரும்பத் திரும்ப எழுதினால் மனதில் பதியும் என்றுதானே நம் அப்பா தாத்தா காலத்திலிருந்து நம்பி வந்திருக்கிறோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பெர்கஸ் கிரெய்க், ராபர்ட் லாக்கார்ட் என்ற இருவர் 1972-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒரு செய்தி எவ்வளவு நாள் நினைவில் நிற்கும் என்பது, அது எத்தனை முறை கண்ணில் பட்டது என்பதைவிட, படும்போது மனம் அதை என்ன செய்தது என்பதைப் பொறுத்தது என்றார்கள். எழுத்தின் வடிவத்தை மட்டும் கவனித்தால் மேலோட்டமான பதிவு. அதன் ஓசையைக் கவனித்தால் கொஞ்சம் ஆழம். அதன் பொருளை எடுத்து, ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு சேர்த்துப் பார்த்தால் ஆழமான பதிவு.

1975-இல் கிரெய்க்கும் எண்டல் டல்விங்கும் சேர்ந்து இதைப் பத்துச் சோதனைகளில் பார்த்தார்கள். சோதனை எளிமையானது. ஒரு சொல்லை ஒரு நொடிக்கும் குறைவாகக் காட்டுவார்கள். காட்டும் முன் ஒரு கேள்வி கேட்பார்கள். சில சொற்களுக்கு, இந்தச் சொல் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று கேள்வி. சில சொற்களுக்கு, இது இன்ன சொல்லோடு ஒத்து ஒலிக்கிறதா என்று. வேறு சிலவற்றுக்கு, இந்த வாக்கியத்தின் கோடிட்ட இடத்தில் இது பொருந்துமா என்று. பின்னால் நினைவுச் சோதனை வரும் என்று முன்கூட்டிச் சொல்லவே இல்லை. முடிவில், வாக்கியத்தில் பொருத்திப் பார்த்த சொற்கள் எழுத்து வடிவத்தைப் பார்த்த சொற்களைவிடப் பல மடங்கு நினைவில் இருந்தன. சொல் காட்டிய நேரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. மனதுக்குள் நடந்த வேலை மட்டும்தான் வேறு.

நேரில் வந்தபோது நீங்கள் சொன்ன மூன்று பதில்களுக்கும் இந்த ஆய்வு வரிசையிலேயே விடை இருப்பதால், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, "பத்து முறை எழுதினால் அந்த விடையோடு பிள்ளை கூடுதல் நேரம் இருக்கிறதே" என்றீர்கள். அதே சந்தேகம் கிரெய்க்குக்கும் டல்விங்குக்கும் வந்தது. பொருளை யோசிக்க நேரம் அதிகம் பிடிப்பதால்தான் நினைவு நிற்கிறதோ? அதனால் மேலோட்டமான வேலையையே கஷ்டமாக்கிப் பார்த்தார்கள். ஒரு சொல்லில் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எந்த வரிசையில் வருகின்றன என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அதற்குப் பொருளை யோசிப்பதைவிட அதிக நேரம் பிடித்தது. ஆனாலும் நினைவில் நின்றது பொருளை யோசித்த சொற்கள்தான். 1977-இல் இன்னொரு குழு, ஆட்களை ஒரே சொல்லை வாய்க்குள் சும்மா திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது. சில சொற்களை 2 நொடி, சிலவற்றை 18 நொடி. ஒன்பது மடங்கு நேரம் கொடுத்தும், பின்னால் நினைவுகூர்ந்து சொன்னதில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. எங்கள் வீட்டில் இரவு ஒன்பதரைக்கு நடந்தது அந்தச் சோதனையேதான். வாய்க்குப் பதில் கை.

இரண்டாவது, "பயம் இருந்தால்தான் சார் படிப்பார்கள்" என்றீர்கள். எழுதாவிட்டால் இருபது முறை என்ற விதி அதனால்தான். கிரெய்க்கும் டல்விங்கும் ஒரு சோதனையில் பயத்துக்குப் பதில் ஆசையை வைத்துப் பார்த்தார்கள். சில சொற்களை நினைவில் வைத்தால் கூடுதல் காசு என்றார்கள். காசு கூடியதால் மேலோட்டமாகப் பார்த்த சொல் ஆழமாகப் பதிந்துவிடவில்லை. அதற்கு முன்பே ஹைட், ஜென்கின்ஸ் என்ற இருவர் காட்டியதும் இதேதான். சொல்லில் ஒரு குறிப்பிட்ட எழுத்து இருக்கிறதா என்று தேடியவர்கள், சோதனை வரும் என்று தெரிந்தே தேடினாலும், அது தெரியாமல் சொற்களின் பொருள் இனிமையானதா என்று மதிப்பிட்டவர்களைவிடக் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள். பயமும் ஆசையும் பிள்ளையை நோட்டின் முன்னால் உட்கார வைக்கும். உட்கார்ந்த பிறகு மனம் என்ன செய்கிறது என்பதை அவை தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது நீங்கள் கொடுக்கும் வேலை.

மூன்றாவதுதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. "நன்றாகத்தானே ஒப்பிக்கிறார்கள்" என்றீர்கள். ஆமாம், எழுதி முடித்த அரை மணி நேரத்துக்குள் ஒப்பிப்பார்கள். அப்போது அந்த வரி இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். பிள்ளைக்கே தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது போல இருக்கும். அந்த நம்பிக்கைதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் தெரிந்துவிட்டது என்று நினைப்பதை யாரும் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை. ஐந்தாம் நாள் கேட்டுப் பாருங்கள். வினாவின் வார்த்தையைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். பதிவு எவ்வளவு ஆழம் என்று அப்போதுதான் தெரியும்.

நான் கேட்டேன். எத்திலின் விடையைப் பத்து முறை எழுதி ஐந்து நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்பது போலக் கேட்டேன். பாடப்புத்தகத்தில் ஐந்து குறிப்புகள் இருக்கின்றன. கனிகள் பழுப்பதை ஊக்குவிக்கும், தண்டும் வேரும் நீளுவதைத் தடுக்கும், இலைகளும் மலர்களும் மூப்படைவதை விரைவாக்கும், உதிர்தலைத் தூண்டும், மொட்டுகளின் விதைகளின் உறக்கத்தை நீக்கும். அவளுக்கு முதல் குறிப்பு வந்தது. "மூப்படைதல்" என்ற சொல் வந்தது, ஆனால் எது மூப்படைகிறது என்று வரவில்லை. மற்ற மூன்றும் போயே போய்விட்டன. பத்து முறை எழுதிய விடை ஐயா.

அப்போது என் அம்மா, அவளுடைய ஆயா, உள் அறையில் மாங்காயைப் பழுக்க வைத்திருந்தார். காவேரிப்பட்டணம் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துக் காய். நம் ஊரில் எல்லார் வீட்டிலும் செய்வதுதான். தரையில் வைக்கோல் பரப்பி, காயை அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு, நடுவே இரண்டு பழுத்த வாழைப்பழத்தையும் வைத்து, சாக்கால் மூடி வைப்பார். மகளைக் கூப்பிட்டுக்கொண்டு போய், "ஆயா எதுக்கு வாழைப்பழத்தை நடுவுல வைக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் நின்றாள். "சூடா இருக்கத்தானேப்பா வைக்கோல்?" என்றாள். சரி, வைக்கோல் சூட்டுக்கு, வாழைப்பழம் எதுக்கு? இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "பழத்துலேர்ந்து எத்திலின் வருமா? அது வாயுன்னு புத்தகத்துல இருக்கு. அதனாலதான் மூடி வைக்கிறாங்களா?" என்றாள். வெளியே போகாமல் இருக்க. எத்திலின் வாயு நிலையில் இருக்கும் ஹார்மோன் என்று அவள் பலமுறை எழுதியிருந்த வரிக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை கிடைத்தது.

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதை அரசு ஏன் தடை செய்திருக்கிறது என்று கேட்டேன். அதிலிருந்து வருவது அசிட்டிலின், அது எத்திலினைப் போலவே காயைப் பழுக்கத் தூண்டும், ஆனால் அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும் என்று பேசினோம். பிறகு ஒரு பழத்தின் கதையாக ஐந்து குறிப்புகளையும் அவளையே வரிசைப்படுத்தச் சொன்னேன். அவள் போட்ட வரிசை இது. முதலில் நீளுவது நிற்கிறது. காய் பழுக்கிறது. இலையும் பூவும் வயதாகின்றன. காம்பு விட்டு உதிர்கிறது. கீழே விழுந்த பழத்துக்குள் விதை உறக்கம் கலைந்து முளைக்கிறது. ஒரு மரத்தில் எல்லாமே இதே வரிசையில்தான் நடக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. அதையும் அவளிடம் சொன்னேன். ஆனால் முதல் நான்கும் ஒரே திசையில் போகும் வேலைகள், வளர்ச்சியை நிறுத்தி முதிர்ச்சியைத் தள்ளிவிடுபவை என்பது அவளுக்குப் பிடிபட்டது. கடைசிக் குறிப்பு மட்டும் அந்தத் திசையில் சேரவில்லையே என்று அவளே கேட்டாள். அந்தக் கேள்வியாலேயே அது மறக்காது.

மொத்தம் இருபது நிமிடம். அன்றைக்கு அவள் அந்த விடையை ஒரு முறைகூட எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்து, புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொன்னேன். ஐந்தும் வந்தன. "உதிர்தல் அடுக்கு" என்ற சொல் மட்டும் தடுமாறியது. புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு சொல்லை மட்டும் சரி செய்துகொண்டாள்.

ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு நடந்ததை ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு விளக்கம் இருக்கிறது. தேர்வறையில் வினா என்பது ஒரு துப்பு. அந்தத் துப்பிலிருந்து விடைக்குப் போக மனதில் பாதை வேண்டும். வரியை வரியாகவே எழுதியவளுக்கு ஒரே பாதைதான், முதல் சொல்லிலிருந்து இரண்டாம் சொல், அதிலிருந்து மூன்றாம் சொல். நடுவில் ஒரு சொல் நழுவினால் எல்லாம் போச்சு. "எத்திலின் வாயுவாக இருப்பதால் என்ன பயன்?" என்று வினா மாறினால் முதல் சொல்லே கிடைக்காது. வைக்கோலோடும் வாழைப்பழத்தோடும் கார்பைடோடும் சேர்த்தவளுக்கு நான்கு பக்கமிருந்தும் வழி இருக்கிறது. ஒன்று அடைபட்டால் இன்னொன்று.

எதையாவது எதோடாவது சேர்த்தால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. இப்போது சில வகுப்புகளில் முதலெழுத்துகளைக் கோத்து ஏதோ வேடிக்கை வாக்கியம் சொல்லித் தருகிறார்கள். வரிசையை நினைவில் வைக்க அது கொஞ்சம் உதவும், பொருள் அதனால் தெரியாது. ஸ்டைன், பிரான்ஸ்போர்டு என்ற இருவர் 1979-இல் இதைச் சோதித்தார்கள். குண்டான ஆள் ஒரு பலகையைப் படித்தார் என்ற வாக்கியத்தோடு, பனிக்கட்டி மெலிதாக இருக்கிறது என எச்சரிக்கும் பலகை என்று சேர்த்தால் எந்த ஆள் படித்தார் என்பது நினைவில் நிற்கிறது. இரண்டு அடி உயரப் பலகை என்று சேர்த்தால் நிற்பதில்லை. முதலாவதில் ஆள் குண்டு என்பதற்கும் பலகைக்கும் தொடர்பு இருக்கிறது, மெலிதான பனிக்கட்டி அவர் எடையைத் தாங்காது. இரண்டாவதில் அப்படி எதுவும் இல்லை. "ஏன்" என்ற கேள்விக்குப் பதிலாக வரும் இணைப்புதான் ஆழம்.

உங்கள் பக்கத்தில் இருக்கும் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் மனப்பாடச் செய்யுள் அடி பிறழாமல் எழுத வேண்டும். கணக்கு வாய்பாடு, வேதிக் குறியீடு, ஆங்கில எழுத்துக்கூட்டல் இவற்றில் வடிவமே விடை. இவற்றுக்கு எழுதிப் பார்ப்பதும் வாய்விட்டுச் சொல்வதும் தேவை. 1977-இல் மாரிஸ், பிரான்ஸ்போர்டு, பிராங்க்ஸ் மூவரும் காட்டியது இதைத்தான். தேர்வு ஓசையைக் கேட்டால், ஓசையைக் கவனித்துப் படித்தவர்களே முந்துகிறார்கள். தேர்வு எதைக் கேட்கிறதோ அதற்கு ஏற்ற பயிற்சி வேண்டும். ஆழம் என்பதை அளக்கத் தனியாக அளவுகோல் இல்லை என்று இந்தக் கருத்தைக் குறை சொன்ன அறிஞர்களும் உண்டு. அந்தக் குறை நியாயமானது. ஆனால் வாக்கியத்தை மேலிருந்து கீழாக ஒவ்வொரு சொல்லாகப் பத்து முறை எழுதுவது மேலோட்டமா ஆழமா என்று முடிவு செய்ய அளவுகோல் எதுவும் வேண்டியதில்லை. அறிவியலிலும் சமூக அறிவியலிலும் வரும் நெடுவினாக்களுக்கு அந்த வேலை எந்த வகையிலும் பொருந்தாது.

என்னை மிகவும் வருத்தியது பத்து முறை எழுதுவதுகூட இல்லை. அதற்கு நேரம் ஒதுக்க வகுப்பில் கேள்வி கேட்கும் நேரத்தை வெட்டியதுதான். உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் மாந்தோப்போ தக்காளி வயலோ இருக்கிறது. பாலக்கோடு சந்தைக்கு அப்பாவோடு போய் வந்த பிள்ளைக்கு, முழுசாகப் பழுக்காத தக்காளியை ஏன் பெட்டியில் அடைக்கிறார்கள் என்று தெரியும். அந்த அறிவை எத்திலினோடு சேர்க்க ஒரே ஒரு கேள்விதான் தேவை. அதைக் கேட்க வேண்டிய ஆசிரியரின் வாயைத்தான் சுற்றறிக்கை மூடியிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இவை.

பத்து முறை, இருபது முறை எழுதும் விதியை இந்த மாதமே திரும்பப் பெறுங்கள். செய்யுள், வாய்பாடு, குறியீடு, எழுத்துக்கூட்டல் இவற்றுக்கு மட்டும் எழுத்துப் பயிற்சி இருக்கட்டும். மற்ற விடைகளைப் பிள்ளைகள் ஒரே ஒரு முறை, புத்தகத்தை மூடிவிட்டு எழுதட்டும். பிறகு திறந்து, விட்டதை வேறு நிற மையில் தாங்களே சேர்க்கட்டும். அந்த நோட்டில் ஒவ்வொரு நெடுவினாவுக்கும் கீழே, இது ஏன் இப்படி என்ற கேள்விக்கு இரண்டு வரியும், தன் வீட்டில் அல்லது ஊரில் இதை எங்கே பார்த்தேன் என்று ஒரு வரியும் எழுதச் சொல்லுங்கள். அந்த மூன்று வரிகளை ஆசிரியர் படித்தால் போதும், எண்பது விடைகளைத் திருத்த வேண்டாம். தப்பான இணைப்பு இருந்தால் அங்கேதான் தெரியும், அங்கேதான் திருத்தவும் முடியும்.

ஒவ்வொரு அறிவியல், சமூக அறிவியல் பாடவேளையிலும் பத்து நிமிடம் கேள்விக்கு என்று கால அட்டவணையிலேயே போட்டுத் தாருங்கள். மாதத் தேர்வில் ஒரு வினாவாவது புத்தக வரியை மாற்றிக் கேட்கட்டும், நடத்திய மறுநாள் இல்லாமல் இரண்டு வாரம் கழித்துக் கேட்கட்டும்.

இதை நம்பத் தயக்கம் இருந்தால், இரண்டு பிரிவுகளில் ஒன்றில் மட்டும் ஒரு பருவத்துக்கு இப்படிச் செய்து, இரண்டு பிரிவுக்கும் அதே வினாத்தாளைக் கொடுத்துப் பாருங்கள். வினாத்தாள் தயாரிக்கவும், ஆசிரியர்களோடு உட்கார்ந்து "ஏன்" கேள்விகளை எழுதவும் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன், சம்பளம் எதுவும் வேண்டாம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொண்டு, எழுத்துமூலம் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்